0.60 சதவீதம் 25 வருஷத்தில் எவ்வளவு? டிராக்கிங் எரர் அதில் எங்கே வருகிறது?

கேள்வி: "நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்டில் ரெண்டு வருஷமா மாசம் 10,000 எஸ்ஐபி போகுது. பேங்க்ல எடுத்துக்கொடுத்த ரெகுலர் பிளான், எக்ஸ்பென்ஸ் ரேஷியோ 0.80. அதே ஃபண்டோட டைரக்ட் பிளான் 0.20தான், மாறிடுன்னு ஃப்ரெண்ட் சொல்றான். 0.60 எல்லாம் ஒரு விஷயமா? டிராக்கிங் எரர் ரெண்டுக்கும் ஒரே 0.05னு தானே போட்டிருக்கு? இன்னும் 25 வருஷம் போடற ஐடியா."

நீங்கள் கேட்டிருப்பதற்கு அடியில் வேறொரு கேள்வி இருக்கிறது. குறியீட்டை இரண்டு பிளானும் ஒரே அளவு துல்லியமாகத் தொடர்கின்றன என்று அந்த 0.05 சொல்கிறதே, அப்படியானால் கைக்கு வரும் பணத்தில் பெரிய வித்தியாசம் எப்படி வரும்? வரும். அந்த 0.05 எதை அளக்கிறது என்று பார்த்தால் காரணம் தெரிந்துவிடும். மியூச்சுவல் ஃபண்டுகளுக்குத் தினமும் என்ஏவி, அதாவது ஒரு யூனிட்டின் அன்றைய மதிப்பு, போட்டுக்கொடுக்கும் அலுவலகத்தில் சில வருஷம் வேலை பார்த்தவன் நான். முதலீட்டு ஆலோசகராகப் பதிவு செய்தவன் இல்லை. அதனால் எந்த ஃபண்டை வாங்கலாம் என்று சொல்லப் போவதில்லை. கணக்கு எப்படி நடக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் செலவு விகிதம், அதாவது நீங்கள் சொன்ன எக்ஸ்பென்ஸ் ரேஷியோ. இதற்கு யாரும் பில் அனுப்புவதில்லை, உங்கள் வங்கிக் கணக்கிலிருந்தும் எதுவும் போவதில்லை. ஒவ்வொரு நாள் மாலையும் ஃபண்டின் மொத்தச் சொத்தை எடுத்து, ஆண்டு விகிதத்தை 365ஆல் வகுத்து, அன்றைய பங்கைக் கழித்துவிட்டுத்தான் என்ஏவி வெளியாகிறது. சந்தை மூடியிருக்கும் சனி, ஞாயிறுக்கும் இந்தக் கழிவு உண்டு. உங்கள் முதலீடு இப்போது இரண்டரை லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ரெகுலர் பிளானில் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 5 ரூபாய் 48 காசு போகிறது. டைரக்ட்டில் 1 ரூபாய் 37 காசு. ஒரு டீக்கும் காணாத வித்தியாசம். "இதெல்லாம் ஒரு விஷயமா" என்று இன்று உங்களுக்குத் தோன்றுவதில் தப்பே இல்லை.

ஆனால் இந்தக் கழிவு, நீங்கள் மாதாமாதம் போடும் 10,000 ரூபாயின் மேல் இல்லை, அதுவரை சேர்ந்த மொத்தத்தின் மேல். மொத்தம் வளர வளர அதுவும் வளரும். நிஃப்டி 50, டிவிடெண்டையும் சேர்த்து வருஷத்துக்கு 11 சதவீதம் தருகிறது என்று வைத்துக்கொண்டு, இனி வரப்போகும் 25 வருஷத் தவணைகளை மட்டும் கணக்கிட்டுப் பார்த்தேன். நீங்கள் போடும் பணம் 30 லட்சம். செலவே இல்லாத ஃபண்ட் ஒன்று இருந்தால் கடைசியில் சுமார் 1 கோடியே 45 லட்சம் வரும். 0.20 பிளானில் 1 கோடியே 40 லட்சம். 0.80 பிளானில் 1 கோடியே 26 லட்சத்து 50 ஆயிரம். இரண்டு பிளானுக்கும் நடுவே ஏறத்தாழ 13 லட்சத்து 90 ஆயிரம் ரூபாய் வித்தியாசம். நீங்கள் கையிலிருந்து போட்ட 30 லட்சத்தில் இது பாதிக்குக் கொஞ்சம்தான் குறைவு.

இதே கணக்கை வருஷ வாரியாகப் பார்த்தால் இன்னும் நன்றாக விளங்கும். முதல் வருஷம் முழுவதற்கும் ரெகுலர் பிளான் எடுப்பது 500 ரூபாய்ச் சொச்சம். 25ஆவது வருஷத்தில் உங்கள் தொகை சராசரியாக 1 கோடியே 20 லட்சம் இருக்கும். அதில் 0.80 என்றால் 96,000 ரூபாய், அதாவது மாதம் 8,000. நீங்கள் மாதம் 10,000 உள்ளே போடுகிறீர்கள், அதே மாதத்தில் 8,000 ரூபாய் கட்டணமாக வெளியே போகிறது. டைரக்ட்டில் அந்த வருஷ மாதக் கட்டணம் 2,200 ரூபாய்க்கு அருகில் நிற்கும். இதை எந்த ஸ்டேட்மென்ட்டிலும் தனி வரியாகப் பார்க்க முடியாது. எல்லாம் என்ஏவிக்குள்ளேயே முடிந்துவிடும்.

இந்தக் கணக்கில் எது உறுதி, எது அனுமானம் என்று பிரித்துச் சொல்லிவிடுகிறேன். 11 சதவீதம் என் அனுமானம். அடுத்த 25 வருஷம் நிஃப்டி என்ன தரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் மேலே சொன்ன லட்சங்களையும் கோடிகளையும் அப்படியே பிடித்துக்கொள்ளாதீர்கள். செலவு தின்னும் விகிதம் மட்டும் சந்தையை நம்பி இல்லை. மொத்தமாக ஒருமுறை போட்டு வைத்த பணத்தில் கடைசியில் எத்தனை பங்கு மிஞ்சும் என்பதற்கு இந்த ஒரு வரி போதும்:

```
(1 - f)^n
```

இதில் f என்பது ஆண்டுச் செலவு, n வருஷங்கள். சந்தை வருமானம் இந்தச் சூத்திரத்தில் எங்கேயும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். சந்தை 8 சதவீதம் கொடுத்தாலும் 15 கொடுத்தாலும், 1 சதவீதச் செலவு 25 வருஷத்தில் மொத்தத்தில் 22 சதவீதத்தை எடுத்துவிடும், 30 வருஷத்தில் 26 சதவீதத்தை. நஷ்டமான வருஷத்திலும் இதற்கு விடுமுறை கிடையாது.

ஒரு சின்னத் திருத்தமும் தேவை. இணையத்தில் சுற்றும் பல படங்கள் மொத்தமாகப் போட்ட பணத்துக்கான இந்தக் கணக்கை எஸ்ஐபிக்கும் அப்படியே பொருத்திப் பயமுறுத்துகின்றன. எஸ்ஐபியில் முதல் தவணை 25 வருஷம் கட்டணம் கட்டுகிறது, கடைசித் தவணை ஒரே மாதம். ஆனால் கடைசித் தொகையில் பெரும்பங்கு பழைய தவணைகளுடையது. அதனால் மேலே சொன்ன 11 சதவீத அனுமானத்தில், 25 வருஷ எஸ்ஐபி ஒன்று மொத்தமாகப் போட்ட பணம் 17 வருஷம் கிடந்ததற்கு ஏறத்தாழச் சமம். 1 சதவீதச் செலவு அங்கே 22 இல்லை, 16 சதவீதத்துக்கு அருகில் எடுக்கும். உங்கள் 0.60 வித்தியாசம் கடைசித் தொகையில் சுமார் 10 சதவீதம். இதுவே போதுமான அளவு பெரியது, மிகைப்படுத்த வேண்டிய அவசியமே இல்லை.

சரி, இப்போது அந்த 0.05க்கு வருவோம். டிராக்கிங் எரர் என்ற பெயரே ஆளைக் குழப்பிவிடும். குறியீட்டைவிட ஃபண்ட் எவ்வளவு பின்தங்கியது என்று அது சொல்வதாகத்தான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். அது அளப்பது வேறு. ஒவ்வொரு நாளும் ஃபண்டின் வருமானத்துக்கும் குறியீட்டின் வருமானத்துக்கும் உள்ள வித்தியாசத்தை எடுப்பார்கள். அந்த வித்தியாசம் நாளுக்கு நாள் எவ்வளவு ஆடுகிறது என்பதன் திட்டவிலக்கத்தை ஓராண்டுக்கு மாற்றிப் போடுவார்கள். ஆட்டம்தான் அளக்கப்படுகிறது. பின்தங்கல் ஒரே சீராக இருந்தால் ஆட்டம் இல்லை, ஆட்டம் இல்லாவிட்டால் டிராக்கிங் எரரும் இல்லை.

உங்கள் ரெகுலர் பிளானையே எடுத்துக்கொள்வோம். 0.80 சதவீதத்தை வருஷத்தின் 250 வர்த்தக நாட்களால் வகுத்தால் நாளொன்றுக்கு 0.0032 சதவீதம். குறியீடு 1.0000 சதவீதம் ஏறிய நாளில் ஃபண்ட் 0.9968 ஏறும். குறியீடு 0.5000 இறங்கிய நாளில் ஃபண்ட் 0.5032 இறங்கும். தினமும் இதே அளவு பின்னால், தினமும் ஒரே திசையில். இதன் திட்டவிலக்கம் பூஜ்யம். (மிகக் கறாராகப் பார்த்தால் முழுப் பூஜ்யம் வராது. திங்கட்கிழமை மூன்று நாள் செலவு சேர்ந்து விழுவதால் ஒரு துளி ஆட்டம் இருக்கும். கண்டுகொள்ள வேண்டிய அளவில்லை.) டைரக்ட்டும் ரெகுலரும் ஒரே பங்குத் தொகுப்பைத்தான் பகிர்ந்துகொள்கின்றன, கழிவு மட்டும்தான் வேறு. ஆகவே இரண்டுக்கும் 0.05 என்று போட்டிருப்பது சரியான தகவல்தான். உங்கள் கேள்விக்கு அதில் பதில் இல்லை, அவ்வளவுதான்.

இன்னொரு பக்கமும் பாருங்கள். டிராக்கிங் எரர் 0.05 என்றால் தினசரி ஆட்டம் எவ்வளவு? 250இன் வர்க்கமூலம் ஏறத்தாழ 15.8. 0.05ஐ அதால் வகுத்தால் நாளுக்கு 0.0032 சதவீதம். அதாவது உங்கள் ரெகுலர் பிளானின் தினசரிக் கட்டணம் எந்த அளவோ, அதே அளவு. ஆனால் இது ஒரு நாள் மேலே, ஒரு நாள் கீழே போகும். மேலும் கீழுமாக அலைவது பெருமளவு தன்னைத்தானே அடித்துக்கொண்டுவிடும், வருஷங்களின் வர்க்கமூலம் அளவுக்குத்தான் சேரும். 25 வருஷத்தில் அது 0.05இன் 5 மடங்கு, வழக்கமாக 0.25 சதவீதம் மேலேயோ கீழேயோ, அவ்வளவே. ஒரே திசையில் போகும் கட்டணமோ நாள்தோறும் முழுதாகச் சேரும். மொத்தமாகப் போட்ட பணத்தில் 25 வருஷத்துக்கு 18 சதவீதம். தினமும் அதே 0.0032தான், இரண்டு இடத்திலும். திசை மாறாததுதான் ஆளைத் தின்கிறது. தினசரி ஆட்டங்கள் ஒன்றையொன்று சாராதவை என்று எடுத்துக்கொண்டுதான் இந்த வர்க்கமூலக் கணக்குப் போட்டிருக்கிறேன். நடப்பில் அது முழுக்க உண்மை இல்லை. ஆனால் முடிவைப் புரட்டிப்போடும் அளவுக்குத் தவறும் இல்லை.

நீங்கள் தேட வேண்டிய எண்ணுக்கு டிராக்கிங் டிஃபரன்ஸ் என்று பெயர். ஃபண்டின் ஆண்டு வருமானத்திலிருந்து குறியீட்டின் ஆண்டு வருமானத்தைக் கழித்தால் கிடைப்பது அது. செலவு விகிதம் அதற்குள் அடக்கம், செலவு விகிதத்தில் தெரியாத மற்ற கசிவுகளும் அடக்கம். 2022 மே மாதம் செபி வெளியிட்ட சுற்றறிக்கைக்குப் பிறகு இண்டெக்ஸ் ஃபண்டுகள் டிராக்கிங் எரரைத் தினமும், டிராக்கிங் டிஃபரன்ஸை மாதாமாதம் வெளியிட வேண்டும் என்று ஆனது. ஓராண்டு, மூன்றாண்டு, ஐந்தாண்டு, பத்தாண்டு என்று கால வாரியாகப் போடுவார்கள். ஃபண்ட் நிறுவனத்தின் தளத்திலும் ஆம்ஃபி தளத்திலும் கிடைக்கும். பிளான் வாரியாகப் பார்த்து எடுங்கள்.

நீங்களே கணக்கிடவும் முடியும், அரை மணி நேர வேலைதான். amfiindia.com தளத்தில் பழைய என்ஏவி இருக்கிறது, niftyindices.com தளத்தில் குறியீட்டின் பழைய அளவுகள் இருக்கின்றன. இங்கே ஒரே ஒரு எச்சரிக்கை: குறியீட்டில் டிவிடெண்டையும் சேர்த்துக் கணக்கிடும் டிஆர்ஐ என்ற வகையைத்தான் எடுக்க வேண்டும். டிவி செய்தியில் ஓடும் சாதாரண நிஃப்டியில் டிவிடெண்ட் சேராது. ஃபண்டுக்கோ டிவிடெண்ட் வந்து சேர்கிறது. நிஃப்டி நிறுவனங்களின் டிவிடெண்ட் பெரும்பாலும் ஆண்டுக்கு 1 சதவீதத்துக்குச் சற்று மேலே இருப்பதால், சாதாரண நிஃப்டியோடு ஒப்பிட்டால் கட்டணம் அதிகமுள்ள ஃபண்டுகூடக் குறியீட்டை ஜெயித்ததுபோல் தெரியும். டிஆர்ஐயோடுதான் ஒப்பிட்டுக் காட்ட வேண்டும் என்று செபி 2018 பிப்ரவரியிலிருந்து கட்டாயமாக்கியது இதனால்தான். அதற்கு முந்தைய ஃபேக்ட்ஷீட் எதையாவது யாராவது காட்டினால் இதை மனதில் வைத்துக்கொண்டு பாருங்கள். சூத்திரம் இது:

```
TD = (NAV_end/NAV_start)^(1/n) - (TRI_end/TRI_start)^(1/n)
```

எண்களைப் போட்டுப் பார்ப்போம். இவை விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள், எந்த ஃபண்டுடையதும் இல்லை. ஐந்து வருஷத்தில் டிஆர்ஐ 20,000இலிருந்து 33,000 ஆனது, ஃபண்டின் என்ஏவி 100இலிருந்து 162.40 ஆனது. குறியீட்டின் ஆண்டு வளர்ச்சி 10.53 சதவீதம், ஃபண்டுடையது 10.18. வித்தியாசம் மைனஸ் 0.35. செலவு விகிதம் 0.20 என்று போட்டிருந்தால் மிச்சம் 0.15 வேறெங்கோ கசிந்திருக்கிறது. ஐந்து வருஷமும் செலவு 0.20ஆகவே இருந்ததா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். நடுவில் 0.30 ஆக இருந்து பிறகு குறைத்திருந்தால், நீங்கள் கசிவு என்று நினைப்பதில் ஒரு பகுதி பழைய கட்டணமாக இருக்கும்.

அந்தக் கசிவு எங்கிருந்து வருகிறது? குறியீடு என்பது காகிதக் கணக்கு. அதற்குத் தரகு இல்லை, வரி இல்லை, காத்திருப்பு இல்லை. ஒரு நிறுவனம் டிவிடெண்ட் அறிவித்தால், பங்கின் விலையிலிருந்து டிவிடெண்ட் பிரியும் எக்ஸ்-டேட் அன்றே அந்தப் பணம் வந்து மறுமுதலீடும் ஆகிவிட்டதாக டிஆர்ஐ எடுத்துக்கொள்ளும். ஃபண்டுக்கு அந்தப் பணம் வங்கியில் வந்து விழச் சில வாரங்கள் ஆகும். அந்த இடைவெளியில் சந்தை ஏறினால் ஃபண்ட் கொஞ்சம் பின்தங்கும், இறங்கினால் கொஞ்சம் முந்தும். யூனிட்டை விற்பவர்களுக்குக் கொடுக்கக் கையில் வைத்திருக்கும் ரொக்கமும் இதே மாதிரிதான் வேலை செய்யும். சந்தை நீண்டகாலத்தில் ஏறுவதுதான் வழக்கம் என்பதால் சராசரியில் இது பின்னிழுப்பாகவே முடியும். ஆனால் ஏதாவது ஒரு வருஷத்தில் டிராக்கிங் டிஃபரன்ஸ் செலவு விகிதத்தைவிடக் குறைவாக வந்திருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். மேனேஜரின் திறமை என்று கொண்டாடவும் வேண்டாம்.

அடுத்தது வாங்கி விற்கும் செலவு. நிஃப்டி 50 பட்டியல் வருஷத்துக்கு இரண்டு முறை, மார்ச் கடைசியிலும் செப்டம்பர் கடைசியிலும் மாற்றியமைக்கப்படுகிறது. வெளியே போகும் பங்கை விற்று உள்ளே வருவதை வாங்க வேண்டும். டெலிவரிக்கு எஸ்டிடி என்ற பரிவர்த்தனை வரி இரு பக்கமும் 0.1 சதவீதம், அதற்கு மேல் முத்திரைக் கட்டணம், தரகு. எஸ்டிடி பங்கின் விலையோடு சேர்ந்து கணக்கில் ஏறிவிடும், எக்ஸ்பென்ஸ் ரேஷியோ என்று நீங்கள் பார்க்கும் எண்ணில் தெரியாது. நிஃப்டி 50இல் வருஷத்துக்கு ஒரு சில பங்குகளே மாறுகின்றன, அவையும் பெரும்பாலும் பட்டியலின் அடிப்பகுதியில் இருப்பவை, அதனால் இது சின்னத் தொகை. இதே தர்க்கத்தை மொமெண்டம், ஸ்மால்கேப் மாதிரியான இண்டெக்ஸ் ஃபண்டுகளுக்குக் கொண்டுபோகாதீர்கள். முழுப் பட்டியலும் வருஷத்தில் ஒருமுறை மாறும் ஒரு குறியீட்டை எடுத்துக்கொண்டால் எஸ்டிடி மட்டுமே 0.2 சதவீதம். சின்னப் பங்குகளை எல்லா ஃபண்டும் ஒரே நாளில் வாங்கப் போகும்போது விலை ஏறிக்கொள்வது தனி. அப்படிப்பட்ட ஃபண்டில் செலவு விகிதம் குறைவாக இருப்பது மட்டும் எதையும் சொல்லாது, டிராக்கிங் டிஃபரன்ஸைப் பார்த்தே ஆக வேண்டும்.

அப்படியானால் டிராக்கிங் எரர் எதற்கு? அதை ஒரு எச்சரிக்கை விளக்காகப் பயன்படுத்தலாம். 0.05இல் இருந்த ஃபண்ட் திடீரென்று 0.40க்குப் போனால் உள்ளே ஏதோ நடந்திருக்கிறது: பெரிய தொகை வந்து முதலீடாகாமல் கிடந்திருக்கலாம், ஏதாவது ஒரு பங்கில் சிக்கியிருக்கலாம். 2020 மார்ச்சில் யெஸ் பேங்க் விவகாரத்தில் இது நடந்தது. மீட்புத் திட்டத்தின்படி, 100 பங்குக்கு மேல் வைத்திருந்தவர்களின் பங்குகளில் 75 சதவீதத்தை மூன்று வருஷம் விற்க முடியாமல் பூட்டினார்கள். இண்டெக்ஸ் ஃபண்டுகளுக்கும் அதில் விலக்கு இல்லை. அதே மாதம் நிஃப்டியிலிருந்து யெஸ் பேங்க் நீக்கப்பட்டது. குறியீட்டில் இல்லாத ஒரு பங்கை, விற்க விரும்பினாலும் விற்க வழியில்லாமல், நிஃப்டி ஃபண்டுகள் 2023 மார்ச் வரை சுமந்தன. அப்போது நிஃப்டியில் அதன் எடை சின்னதாக இருந்ததால் முதலீட்டாளர்களுக்குப் பெரிய பாதிப்பு இல்லை. ஆனால் குறியீட்டை அப்படியே நகலெடுப்பது எப்போதும் ஃபண்ட் மேனேஜரின் கையில் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. பங்குச் சந்தை இண்டெக்ஸ் ஃபண்டுகளுக்கு டிராக்கிங் எரர் 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று செபி வரம்பு வைத்திருக்கிறது. நிஃப்டி 50 ஃபண்டுக்கு அது ரொம்பத் தாராளமான வரம்பு. அதில் பத்தில் ஒரு பங்கு தொட்டாலே ஏன் என்று கேட்பேன்.

இனி உங்கள் விஷயம். ரெகுலருக்கும் டைரக்ட்டுக்கும் இடையிலான அந்த 0.60 உங்களுக்கு ஃபண்டை விற்ற வங்கிக்குக் கமிஷனாகப் போகிறது. 2013 ஜனவரியிலிருந்து எல்லா ஃபண்டுக்கும் டைரக்ட் பிளான் இருக்கிறது. கமிஷன் வாங்குவதே தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். 2020 மார்ச் மாதிரி ஒரு வீழ்ச்சியில் விற்றுவிட்டு ஓடாமல் உங்களைப் பிடித்து நிறுத்தும் ஒருவர் இருந்தால், அவர் மிச்சப்படுத்துவது இந்த 14 லட்சத்தைவிட அதிகமாகவும் இருக்கலாம். அதைக் கணக்குப் போட்டு நிரூபிக்க என்னால் முடியாது. ஆனால் நிஃப்டி 50 மாதிரியான ஒரு ஃபண்டை வாங்கிக்கொடுத்துவிட்டு இரண்டு வருஷமாக ஃபோன்கூட செய்யாத வங்கிக்கு, 25ஆவது வருஷத்தில் மாதம் சுமார் 6,000 ரூபாய் கொடுக்க என் மனம் ஒப்பாது.

இன்றைய 0.20 அப்படியே 25 வருஷம் நீடிக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஃபண்ட் நிறுவனம் விகிதத்தை மாற்றலாம், மாற்றும்போது முன்கூட்டி மெயிலில் அறிவிப்பு வரும். அதை யாரும் படிப்பதில்லை. வருஷத்துக்கு ஒருமுறை மூன்றாண்டு, ஐந்தாண்டு டிராக்கிங் டிஃபரன்ஸைப் பார்த்தால் போதும். ஓராண்டு எண்ணை வைத்து ஃபண்ட் மாற்றாதீர்கள், அதில் மேலே சொன்ன ரொக்கமும் டிவிடெண்டும் செய்த கூத்து அதிகம். அதுபோல 0.20 ஃபண்டிலிருந்து 0.15 ஃபண்டுக்குத் தாவுவதிலும் எனக்கு ஆர்வம் இல்லை. அந்த 0.05 வித்தியாசத்தை இன்னொரு ஃபண்டின் ரொக்க நிர்வாகமே விழுங்கிவிடலாம். 0.60 அப்படிப்பட்ட வித்தியாசம் இல்லை.

மாறுவதென்றால் வரியைப் பார்த்து மாறுங்கள். ஒரே ஃபண்டாக இருந்தாலும் ரெகுலரிலிருந்து டைரக்ட்டுக்கு மாறுவதை விற்று வாங்கியதாகத்தான் வருமான வரிச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. 2024 ஜூலை 23 முதல் உள்ள விதிப்படி, ஒரு வருஷத்துக்கு மேல் வைத்திருந்த யூனிட்டின் லாபத்தில் நிதியாண்டுக்கு 1,25,000 ரூபாய் வரை வரி இல்லை, அதற்கு மேல் 12.5 சதவீதம். ஒரு வருஷம் ஆகாத யூனிட் என்றால் லாபத்தில் 20 சதவீதம். இரண்டு வருஷமாக மாதம் 10,000 போட்ட உங்களுக்கு மொத்த லாபமே 1,25,000ஐத் தொட வாய்ப்பில்லை. வேறு பங்கு, ஃபண்டு விற்பனை எதுவும் இந்த நிதியாண்டில் இல்லையென்றால், ஒரு வருஷம் தாண்டிய யூனிட்டுகளை வரி இல்லாமலே மாற்றிவிடலாம். முதலில் வாங்கிய யூனிட்தான் முதலில் போகும் என்பதால் கணக்கும் சுலபம். ஆகவே இந்த மாதமே ரெகுலர் எஸ்ஐபியை நிறுத்தி டைரக்ட்டில் தொடங்குங்கள். ஒரு வருஷம் முடிந்த யூனிட்டுகளை எண்ணி அத்தனையை மட்டும் ஸ்விட்ச் கொடுங்கள். மிச்சத்தை, கடைசித் தவணைக்கும் ஒரு வருஷம் முடிந்த பிறகு மாற்றிக்கொள்ளலாம். அதற்குள் அந்த மிச்சத் தொகையில் 0.60 அதிகம் கட்டுவது சில நூறு ரூபாய்தான், அதற்காக அவசரப்பட்டு 20 சதவீத வரி கட்ட வேண்டியதில்லை. ஸ்விட்ச் கொடுக்கும் முன், சீக்கிரம் வெளியேறினால் பிடிக்கும் எக்ஸிட் லோடு இருக்கிறதா என்று திட்ட ஆவணத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பல இண்டெக்ஸ் ஃபண்டுகளில் இருக்காது, இருந்தாலும் பெரும்பாலும் வாங்கிய முதல் சில நாட்களுக்கு மட்டும்தான்.